பெட்டிக்குள் அடங்காத சொல்

நுவரெலியாவில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த நிலக்ஷி தன் தேவையைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பிரேமினிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

தேவை என்னவோ எளிமையானதுதான். மண்சரிவு பற்றி மூன்று நிமிட அனிமேஷன் படம் ஒன்று வேண்டும். சுவரில் வெடிப்பு விழுந்தால், கதவு திடீரென்று சட்டத்தில் இறுகிக்கொண்டால், மேட்டுப் பக்கத்து ஊற்றில் கலங்கல் தண்ணீர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் சனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். சிங்களத்தில் இதே விஷயத்துக்கு வேறொரு படம் ஏற்கெனவே இருந்தது. தமிழில் இல்லை. அதோடு தோட்ட நிர்வாகங்களுக்கும், பண உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் காட்ட ஆங்கிலத்திலும் வேண்டும். படம் ஒன்றுதான், எழுத்து மட்டும் இரண்டு.

அதுவரைக்கும் பிரேமினி தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். அடுத்து நிலக்ஷி சொன்னதில்தான் அவள் கை குறிப்பெடுப்பதை நிறுத்தியது.

"எழுத்து லேயர் எல்லாத்தையும் பூட்டாம திறந்தே குடுத்துருங்க மிஸ். நாங்களே ஆபீஸ்ல மாத்திக்குவோம்."

எதற்கு என்று பிரேமினி கேட்டாள். நிலக்ஷி பொறுமையாகவே விளக்கினாள். இந்த மாதிரி படங்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் கடைசி நிமிடம்வரை ஒரு சொல்லை எடுப்பார்கள், ஒரு சொல்லைப் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஹட்டனுக்கு ஆள் அனுப்பி, திருத்தி, மறுபடி வாங்கிக்கொண்டிருந்தால் மழைக்காலம் முடிந்துவிடும். அவள் சொன்னதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் குறை காண முடியாத பேச்சைத்தான் பிரேமினி அதிகம் சந்தேகிப்பாள்.

ஸ்டூடியோ முதலாளி அக்ரம் இடையில் புகுந்து, "அதெல்லாம் செய்யலாம், பிரச்சினை இல்ல," என்று சொல்லிவிட்டார். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் அவருடைய ஸ்டூடியோ. கல்யாண ஆல்பம், பூப்புனித நீராட்டு விழா வீடியோ, மரண அறிவித்தல் என்று ஓடிக்கொண்டிருந்த இடம். பிரேமினி வந்த பிறகுதான் அங்கே அசையும் படங்கள் வர ஆரம்பித்தன. அதனால் அக்ரமுக்கு அவள்மேல் மரியாதை உண்டு. அவளுடைய பிடிவாதத்தின்மேல் கொஞ்சம் பயமும் உண்டு.

நிலக்ஷி படியிறங்கிப் போனதும் பிரேமினி அக்ரம் நானாவிடம் திரும்பினாள்.

"நானா, திறந்து குடுத்தா அவங்க என்ன வேணும்னாலும் எழுதுவாங்க. நம்ம படத்துல நம்ம பேச்சு இருக்காது."

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

பிரேமினி தலவாக்கலைக்கு மேலே ஊற்றுமலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பழனியாண்டி தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவர், அவள் உயர்தரப் பரீட்சை எழுதும்போது இறந்துபோனார். அம்மா நாகலெட்சுமி இன்னும் கொழுந்தெடுக்கிறார். பள்ளிக்கூடத்து நாட்களில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்து மதில், கோவில் திருவிழாப் பந்தல் என்று எங்கே வெற்றிடம் கிடைத்தாலும் படம் வரைகிற பிள்ளை. கண்டியில் ஒரு டிப்ளோமா படித்தாள். பிறகு கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நான்கைந்து வருடம் வேலை செய்தாள். அங்கேதான் எழுத்தையும் உருவத்தையும் அசைய வைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டாள். மனிதர்களை நம்பாமல் இருப்பதற்கும் அங்கேதான் பழகினாள்.

அந்த நிறுவனத்தில் இருந்தபோது இரத்தச்சோகை பற்றி ஒரு படம் செய்தாள். கொழுந்துக் கூடையோடு நின்று மூச்சு வாங்கும் ஒரு பெண். அந்த முகத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தே வரைந்திருந்தாள். மூக்குத்தி, நெற்றியில் கூடைக்கயிற்றின் தடம், எல்லாம் அப்படியே. எழுத்து லேயர்களைத் திறந்து வைத்துத்தான் ஃபைலைக் கொடுத்தாள், அப்போது அவளுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. சில மாதம் கழித்து அதே பெண், அதே மூச்சு வாங்கலோடு, ஒரு வெளிநாட்டு வேலை முகவரின் விளம்பரத்தில் வந்தாள். இரும்புச்சத்து பற்றிய வசனம் இருந்த இடத்தில், 'மலையில் களைத்தது போதும், வீட்டுப் பணிப்பெண் வேலைக்கு வாருங்கள்' என்று இருந்தது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். தோட்டத்தில் அதைப் பார்த்தவர்கள் நாகலெட்சுமியிடம், "அக்கா, நீங்களும் குவைத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டார்களாம். அம்மா சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். பிரேமினியால் சிரிக்க முடியவில்லை. யார் செய்தது என்று கேட்டபோது நிறுவனத்தில் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்: எந்த ஃபைலைக் கொடுப்பதாக இருந்தாலும், கொடுக்கும் முன் எழுத்து எல்லாவற்றையும் வெறும் கோட்டுருவமாக மாற்றிவிடுவாள். அப்படி மாற்றிவிட்டால் 'அ' என்பது அதற்குப் பிறகு 'அ' இல்லை, ஒரு வளைவும் ஒரு கோடும்தான். பார்க்க எழுத்து மாதிரியே இருக்கும், ஆனால் யாரும் அதன்மேல் கர்சரை வைத்து வேறு சொல்லைத் தட்ட முடியாது. ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் அவளிடம்தான் வரவேண்டும்.

இந்தத் தடவை அந்த வழக்கத்தை விடச் சொல்லி அக்ரம் இரண்டு நாள் மன்றாடினார். மண்சரிவு விஷயம், நல்ல காரியம், உன் அம்மா இருக்கிற லயமே மேட்டுக்குக் கீழேதானே இருக்கிறது என்றார். கடைசியில் சொன்ன வாதம்தான் அவளை மசிய வைத்தது. சரி, திறந்து கொடுக்கிறேன், ஆனால் என் கணக்கில் திறக்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

வேலையில் அவள் குறை வைக்கவில்லை. முதலில் பழைய எழுத்துருவைக் கைவிட்டாள். ஸ்டூடியோவில் எல்லாரும் பாமினியில்தான் தட்டுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். அதனால் எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டினாள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஒரே சாயலில் உள்ள எழுத்துரு ஒன்றைத் தேடிப் போட்டாள். தெற்காசிய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பையும் மென்பொருளில் போட்டாள். அது இல்லாவிட்டால் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் போய் நிற்கும். அடுத்து, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளி வரும்படி முதலில் செய்திருந்த அசைவை மாற்றினாள். ஆங்கிலத்தில் அது அழகாகத்தான் இருந்தது. தமிழில் கொம்பு தனியாகக் குதித்து வந்து, எழுத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது. எழுத்தெழுத்தாக வந்ததைச் சொல் சொல்லாக வரும்படி மாற்றினாள்.

கடைசியில் ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழுக்கு ஒரு கட்டம், ஆங்கிலத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்து, ஒரு சிறிய டிக் அடித்தால் படம் முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறும்படி ஒரு டெம்ப்ளேட்டாகக் கட்டினாள். அனிமேஷன் தெரியாதவர்கள்கூடப் பயன்படுத்தலாம். கட்டத்தில் தட்டினால் போதும், படத்தில் வரும்.

இந்த இடத்தில்தான் அவளுடைய சந்தேகம் கையை நுழைத்தது. திரையில் எழுத்து வரும் இடத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் அளவான பெட்டி போட்டாள். அகலமும் மாறாது, உயரமும் மாறாது. அவள் எழுதிய வசனம் எவ்வளவோ, பெட்டியும் அவ்வளவுதான். பெட்டியை மீறி வரும் வரி திரையில் தெரியாது. எவனாவது தன் கம்பனி பெயரையோ, முகவரின் தொலைபேசி எண்ணையோ கீழே ஒட்டவைக்க நினைத்தால், தட்டலாம், ஆனால் படத்தில் வராது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்ரமிடம்கூடச் சொல்லவில்லை. டெம்ப்ளேட்டை அனுப்பிய அன்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது.

பிறகு நிலக்ஷியிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. வசனங்கள் அதிகாரிகளிடம் போயிருக்கின்றன, ஒப்புதல் வந்த பிறகுதான் குரல் பதிவு என்று அக்ரம் சொன்னார். குரல் இல்லாமல் ஒரு மாதிரிப் படத்தை இரண்டு மூன்று தோட்டங்களில் காட்டிப் பார்க்கப் போவதாகவும் கேள்வி. முதலில் தோட்டத்தை நடத்தும் துரைமாருக்குக் காட்டுவார்களாம். அதைக் கேட்டதும் பிரேமினிக்கு முகம் சுருங்கியது. நமக்காகச் செய்த படத்தை முதலில் துரை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் பிரேமினி ஹட்டனில் தன் அறையிலிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தாள். சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அடுப்பிருக்கும் குசினிச் சுவரில் இருந்த வெடிப்பு கொஞ்சம் நீண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்று நாகலெட்சுமி சாவகாசமாகச் சொன்னார்.

"அப்ப ஏம்மா இன்னும் வீட்டுக்குள்ள இருக்கீங்க? ஸ்கூலுக்குப் போங்க."

"அறிவிப்பு வரட்டும் புள்ள. அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லித்தானே படத்துல போட்டிருக்கு."

எந்தப் படத்தில் என்று கேட்டாள் பிரேமினி.

"நீ செஞ்ச படம்தான். வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட வர்ற நேரம் பிள்ளைக் காம்பராவுல போட்டுக் காட்டினாங்க. எல்லார் போன்லயும் இருக்கு. நம்ம புள்ள செஞ்சதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

படத்தில் என்ன இருந்தாலும் சரி, உடனே பக்கத்து வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கத்தாத குறையாகச் சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மகளின் குரலில் இருந்த நடுக்கம் விளங்கியது. போகிறேன் என்றார். சிறிது நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் போனிலிருந்து, வந்துவிட்டோம் என்று தகவல் வந்தது. அந்தப் படத்தையும் அம்மாக்கண்ணு அனுப்பிவைத்தார்.

பிரேமினி படத்தைத் திறந்தாள். அவளுடைய படம்தான். அவளுடைய மழை, அவளுடைய லயம், அவளுடைய வெடிப்பு. அந்த இடம் வந்தது. அடுப்பைச் சுற்றி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. கீழே இரண்டு வரி:

'அதிகாரபூர்வ எச்சரிக்கை அறிவித்தல் கிடைக்கும் வரை வீட்டுக்குள் காத்திருக்க'

அவ்வளவுதான். காத்திருக்க. 'இங்கே கையொப்பமிடுக', 'வரிசையில் நிற்க' என்று அரசாங்கக் கந்தோர்களில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி ஒரு கட்டளை. அடுத்த காட்சியில் அதே குடும்பம் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அறிவித்தல் வந்துவிட்டது, போகிறார்கள் என்றுதானே.

அவள் எழுதிக் கொடுத்தது 'அறிவிப்பு வரும்வரை உள்ளே இருக்க வேண்டாம்'. அந்த வேண்டாமைக் காணவில்லை.

ஆங்கிலப் படத்தையும் தேடினாள். நிலக்ஷியின் நிறுவனத்து இணையப் பக்கத்தில் இருந்தது. அதில் அதே இடத்தில் எந்தக் குழப்பமும் இல்லை, காத்திருக்காதீர்கள் என்று முதல் சொல்லிலேயே அடித்துச் சொல்லியிருந்தது. பிரேமினி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஆங்கிலம் வாசிக்கிறவர்களுக்கு வெளியேறு என்று ஒரு படம். தமிழ் வாசிக்கிற லயத்துக்காரர்களுக்கு உள்ளே இரு என்று ஒரு படம். மழை நாளில் லயம் லயமாகச் சனங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அடுத்த நாள் பெரட்டுக்கு யார் வருவார்கள்? முதலில் துரைமாருக்குக் காட்டியது சும்மாவா? அவள் மனதில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தது. எழுத்தைத் திறந்து கொடுக்கச் சொன்னதே இதற்குத்தான்.

நிலக்ஷிக்குப் போன் எடுத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தாள். அதற்கும் பதில் இல்லை. அதுவும் அவள் நினைத்ததோடு பொருந்தியது.

திங்கட்கிழமை காலை நுவரெலியா பஸ்ஸில் ஏறினாள். வேலைக்கு வரமாட்டேன் என்று அக்ரமுக்குச் செய்தி அனுப்பியபோது, சண்டை போடாதே, முதலில் கேள் என்று அவர் பதில் போட்டார். தலவாக்கலை தாண்டி, நானுஓயா தாண்டி, மூடுபனிக்குள் பஸ் ஏறும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். குவைத் விளம்பரத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

நிலக்ஷியின் அலுவலகம் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம். நிலக்ஷி தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இறம்பொடைப் பக்கம் போயிருந்ததாகவும் அங்கே சிக்னல் இல்லை என்றும் சொன்னாள். பிரேமினி அதை நம்பவில்லை. உட்காரவும் இல்லை. போனை மேசைமேல் வைத்து, அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"ஆங்கிலத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. யாரு சொல்லி மாத்துனீங்க மிஸ்?"

நிலக்ஷி குனிந்து வாசித்தாள். அவள் முகம் வெளுத்தது. ஒருதரம் வாசித்துவிட்டு, உதடு அசைய மறுபடியும் வாசித்தாள். இது இப்படி இல்லையே என்றாள். அதிகாரிகள் வசனத்தை நீட்டியது உண்மைதான், ஆனால் வேண்டாம் என்ற சொல்லை யாரும் தொடவில்லை, தானே கட்டத்தில் தட்டி, தானே சரிபார்த்ததாகச் சொன்னாள். பிரேமினி உதட்டைச் சுழித்தாள். கொழும்பில் அவர்களும் இப்படித்தான் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள்.

உள்ளே வீடியோ வேலை பார்க்கும் அசங்கவை நிலக்ஷி கூப்பிட்டாள். கம்பளைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. டெம்ப்ளேட்டிலிருந்து படத்தை வீடியோவாக வெளியே எடுத்தவர் அவர்தான். பிரேமினி அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். அசங்க கணினியில் டெம்ப்ளேட்டைத் திறந்து, அந்த வசனத்தின் தமிழ்க் கட்டத்தைக் காட்டினார்.

'அதிகாரபூர்வ எச்சரிக்கை அறிவித்தல் கிடைக்கும் வரை வீட்டுக்குள் காத்திருக்க வேண்டாம்.'

முழு வசனம். கடைசியில் முற்றுப்புள்ளிகூட இருந்தது.

"இங்க இருக்கு. படத்துல இல்ல," என்றார் அசங்க. "ஏன்னு எனக்குத் தெரியல மிஸ். நீங்கதானே செஞ்சீங்க."

அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஆனால் பிரேமினிக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் எழுதிய வசனம் இரண்டு வரி. பெட்டியும் இரண்டு வரி. அதிகாரிகள் இரண்டு பெரிய சொற்களைச் சேர்த்ததும் வேண்டாம் மூன்றாவது வரிக்கு இறங்கியது. மூன்றாவது வரிக்கு அவள் இடம் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் மறுக்கும் சொல் முதலிலேயே வந்துவிடுவதால் அது மேல்வரியில் பத்திரமாக இருந்தது. தமிழில் அது கடைசியில் வருகிறது. வசனத்தின் உயிரே அந்தக் கடைசிச் சொல்லில்தான். திருடனுக்கென்று அவள் வைத்த பொறியில் அதுதான் போய் விழுந்திருந்தது.

மென்பொருளில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். இவர்கள் இருவருக்கும் அது உண்மையா பொய்யா என்று பார்க்கத் தெரியாது. பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து, நம்ம புள்ள செஞ்சது என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவின் முகம் அவளுக்குத் தோன்றியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பெட்டியை நான்தான் இறுக்கமா வச்சேன். கூட எழுதுனா தெரியக்கூடாதுன்னு வேணும்னேதான் வச்சேன்," என்றாள்.

இப்போது சந்தேகம் நிலக்ஷி பக்கம் போனது. ஏன் வேண்டுமென்றே, யார் சொல்லி, வேறு எந்தெந்த வசனத்தில் இப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். குரலில் கோபத்தைவிட எச்சரிக்கைதான் அதிகம் இருந்தது. பிரேமினி குவைத் விளம்பரத்தைச் சொன்னாள். சண்டைக்கென்று கொண்டுவந்த கதை, இப்போது விளக்கமாகத்தான் பயன்பட்டது. நிலக்ஷி முழுவதையும் கேட்டாள். பிறகு, அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றாள். சொல்லியிருந்தால் நீங்கள் வேலையை வேறு இடத்தில் கொடுத்திருப்பீர்கள் என்றாள் பிரேமினி. நிலக்ஷி அதை மறுக்கவில்லை.

முதல் வேலையாக நிலக்ஷி மாதிரிப் படம் காட்டிய தோட்டங்களுக்கெல்லாம் போன் எடுத்தாள். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள், வெடிப்பைக் கண்டால் காத்திருக்காமல் வெளியேறச் சொல்லுங்கள் என்று பிள்ளைக் காம்பரா டீச்சர்மாரிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். பிரேமினி பக்கத்திலேயே நின்று, எந்தத் தோட்டமும் விடுபடவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி நிலக்ஷிக்கு எரிச்சலாக இருந்திருக்கும். இருந்தாலும் பதில் சொன்னாள்.

பிறகு அசங்கவின் கணினியிலேயே பிரேமினி உட்கார்ந்தாள். பெட்டிகளின் உயரத்தைத் தாராளமாகக் கூட்டினாள். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் நிறத்தட்டு, எழுத்து எத்தனை வரி வருகிறது என்று அளந்து தானாகவே விரியும்படி செய்தாள். ஒரு வரி வந்தால் தட்டு சிறிது, மூன்று வரி வந்தால் பெரிது. தட்டு படத்தில் ஆட்களின் முகத்தை மறைக்கும் அளவுக்கு உயர்ந்தால் எழுத்து கொஞ்சம் சுருங்கும். கட்டத்தில் தட்டியது எதுவாக இருந்தாலும் திரையில் வந்தே தீரும். சோதிப்பதற்காக அசங்க ஒரு கட்டத்தில் சம்பந்தமில்லாமல் நீளமாக எதையோ தட்டினார், அதுவும் முழுவதுமாக வந்தது. பிரேமினிக்கு அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று இப்போது உண்மையாகவே ஆகிவிட்டது.

வசனத்தையும் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள். தமிழில் இப்படிக் கடைசிச் சொல்லில் தொங்குகிற வசனம் ஆபத்து, சின்னப் போனில் பாதி வாசித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவளும் நிலக்ஷியும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார்கள். 'வெடிப்பைக் கண்டால் உடனே வெளியேறுங்கள். அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம்.' அதிகாரிகள் சேர்த்த 'அதிகாரபூர்வ' போய்விட்டதே என்று நிலக்ஷி தயங்கினாள். பிறகு, நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

அந்த ஏற்பாட்டோடு ஓர் ஒப்பந்தமும் வந்தது. தமிழ்ப் படத்தைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர், கட்டத்தில் அல்ல, திரையில், ஆரம்பம் முதல் முடிவுவரை பார்த்த பிறகுதான் வெளியே விடுவது. ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவது. படத்தில் வரும் உருவங்களை வேறு எந்த விஷயத்துக்கும் எடுக்கக்கூடாது என்று எழுத்தில் கொடுப்பது. கடைசி விஷயத்தைப் பிரேமினி கேட்டபோது நிலக்ஷி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

குரலோடு முழுப் படம் வெளியானது மழை வலுக்கும் முன்பே. தோட்ட வைத்தியசாலையில் போட்டார்கள், சம்பள நாளில் காட்டினார்கள், போன் போனாகப் போனது. ஊற்றுமலையில் அந்த வருடம் மலை சரியவில்லை. ஆனால் நாகலெட்சுமியின் குசினிச் சுவர் ஒரு சாயங்காலம் வெளிப்பக்கமாக விழுந்தது. அப்போது வீட்டில் யாரும் இல்லை, காலையிலேயே லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். அறிவித்தல் மறுநாள்தான் வந்தது. அம்மா இதை எல்லாரிடமும் சொல்கிறார். முதல் படம் என்ன சொன்னது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. மகளும் கேட்பதில்லை.

சில வாரம் கழித்து அசங்க ஹட்டனுக்கு வந்தார். சிங்களத்தில் இருக்கும் பழைய படத்தைவிட இது தெளிவாக இருக்கிறதாம். மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்து, சிங்களத்திலும் விட வேண்டும் என்று நிலக்ஷி சொல்லி அனுப்பியிருந்தாள். பிரேமினிக்குச் சிங்களம் சரளமாகப் பேச வரும், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கட்டத்தைச் சேர்த்தாள். அசங்க வசனங்களைத் தட்டினார். திரையில் வருவதை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார். எல்லாம் சரியாகவே ஒலித்தது.

அசங்க புறப்பட்டுப் போனதும் அவள் கணினியை அணைக்கவில்லை. கீழே ஹார்ட்வேர் கடையில் பெயின்ட் வாங்க வந்திருந்த சிங்களப் பெண்மணி ஒருவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு மாடிக்கு ஏற்றினாள். அந்தத் திரையில் எழுதியிருப்பதை அவரையும் ஒருதரம் வாசித்துக் காட்டச் சொன்னாள். அக்ரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொடியனையும் நம்பலையா தங்கச்சி?"

"நம்புறேன் நானா," என்றாள் பிரேமினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு அந்தப் பெண்மணியிடம், "நீங்க வாசிங்க நோனா, கடைசி வரைக்கும்."